கூரியர் வண்டியும் சட்டையும்: திரையில் அழகு, தெருவில் காணோம்

கோவையில் ஒரு சிறிய கூரியர் நிறுவனத்துக்கு வண்டி ஸ்டிக்கர் வேலை செய்தபோது, அதன் முதலாளி போனில் ஒரு படத்தைக் காட்டினார். பக்கவாட்டில் நிற்கும் குட்டியானை. பளிச்சென்ற வெள்ளை, அதில் சிவப்புப் பட்டை, நடுவில் பெரிதாகப் பெயர். படத்தில் அவ்வளவு அழகு. மூன்று வண்டிகளும் பைக்கில் போகும் 14 பையன்களும் அவரிடம் இருந்தார்கள். முந்தைய ஆண்டு வேறொருவரிடம் இதே டிசைனைச் செய்திருந்தார். ஊர் முழுக்கச் சுற்றுகிறோம், ஆனால் "உங்க வண்டியைப் பார்த்தேன்" என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்பது அவர் குறை. வண்டிகளையும் ஆட்களையும் இரண்டு நாள் பின்தொடர்ந்து பார்த்தேன். இந்தத் தொழிலில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவை அங்கேயே இருந்தன.

முதல் தவறு அந்தப் படம்தான். வண்டியை யாரும் வெறும் மைதானத்தில், சரியாகப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதில்லை. ஓடும் வண்டியை அதிக நேரம் பார்க்கிறவர் அதன் பின்னால் வருகிறவர். சிக்னலில் அரை நிமிடம், நெரிசலில் ஐந்து நிமிடம் என்று அவர் கண்ணுக்கு எதிரே இருப்பது பின்கதவு மட்டும்தான். பக்கவாட்டைப் பார்ப்பவருக்கு வண்டி கடந்துபோகும் இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும். நம்மவரின் வண்டிகளில் பக்கவாட்டில் ஆளுயரப் பெயரும், பின்னால் உள்ளங்கை அளவு லோகோவும் இருந்தன. செலவு முழுக்க இரண்டு விநாடிக்குப் போயிருந்தது.

அதிலும் அவருடையது கன்டெய்னர் பாடி. பின்னால் இரண்டு கதவு, நடுவில் பூட்டுக் கம்பி, ஓரங்களில் கீல். பெயரின் நடு எழுத்து சரியாகக் கம்பிக்கு அடியில் சிக்கியிருந்தது. பார்சல் இறக்கும்போது ஒரு கதவைத்தான் திறப்பார்கள். அப்போது பாதிப் பெயர் மட்டும் தெரியும். வண்டி நிற்பதும், சுற்றிலும் ஆட்கள் நின்று பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். அதனால் பெயர் முழுவதையும் ஒரே கதவில் அடக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் இரண்டு கதவிலும் தனித்தனியாக முழுப்பெயர் வரவேண்டும். டிசைன் போடுமுன் வண்டியின் நாலு பக்கத்தையும் நேராகப் படமெடுத்து, கைப்பிடி, கீல், விளக்கு, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொண்டால் இந்த வம்பே வராது.

அடுத்தது எழுத்தின் அளவு. போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் இருந்தால் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கலாம். பின்னால் பைக்கில் வருகிறவர் ஐம்பதடி தள்ளி இருக்கிறார் என்றால் ஐந்து அங்குலம் வேண்டும். ஆனால் இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் சுழியும் கொம்பும் உண்டு. ண, ன இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு சுழிதான். கொழுத்த எழுத்துருவில் அந்தச் சுழி அடைத்துக்கொண்டு தூரத்திலிருந்து வெறும் திட்டாகத் தெரியும். தமிழ்ப் பெயருக்கு நான் அந்தக் கணக்குக்கு மேல் பாதியாவது கூட்டிக்கொள்வேன். எழுத்துருவையும் நடுத்தரத் தடிமனில் எடுப்பேன். சந்தேகம் வந்தால் பெயரை நிஜ அளவில் காகிதத்தில் அச்சிட்டு, கதவில் டேப்பால் ஒட்டி, ஐம்பதடி பின்னால் போய் நின்று பார்த்தால் போதும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

எழுத்து பெரிதாக வேண்டும் என்றால் சொற்கள் குறைய வேண்டும். அதை ஏற்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. நம்மவரின் பின்கதவில் நான்கு போன் நம்பர், ஆறு கிளைகளின் பெயர், "உள்நாடு - வெளிநாடு - பார்சல் - கார்கோ" என்று ஒரு வரி, கூடவே ஒரு க்யூஆர் கோடு. ஓடுகிற வண்டியில் க்யூஆர் கோடை யார் ஸ்கேன் செய்வது? ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரையே 1994-இல் ஃபெடெக்ஸ் என்று சுருக்கித்தான் அந்த நிறுவனம் தன் லாரிகளிலும் விமானங்களிலும் எழுதியது. பெயர் குறுகியதும் அதே இடத்தில் எழுத்து பெரிதாகிவிட்டது. பெயரை மாற்றச் சொல்லி நம்மவரிடம் கேட்க முடியாது. பின்னால் பெயர், ஒரு நம்பர், இரண்டு மட்டும் என்று பேசி முடித்தோம். கண்ணாடிக்கு மேலே இருந்த குலதெய்வத்தின் பெயரில் நான் கைவைக்கவில்லை. அது பேரத்துக்கு உட்பட்டதில்லை.

சரி, பைக் பையன்களிடம் வருவோம். அவர்களின் டி-ஷர்ட்டில் முதுகு நிறைய லோகோ, நெஞ்சில் சின்னதாக இன்னொன்று. காலையில் கிளம்பும்போது பார்சல் பையை முதுகில் மாட்டுகிறார்கள். முதுகு லோகோ மறைந்தது. பையின் வார் நெஞ்சுக்குக் குறுக்கே வருகிறது. நெஞ்சு லோகோவும் மறைந்தது. மழை வந்தால் மேலே ஆளுக்கொரு நிறத்தில் ரெயின்கோட். நாள் முழுக்க தெருவில் தெரிவது அந்தப் பைதான், அதுவோ யாரோ ஒரு மொத்தக் கடையில் வாங்கிய கறுப்புப் பை. டெலிவரி ஆளின் விளம்பரப் பலகை பையின் பின்முகம். அதற்குப் பிறகு சட்டையின் தோளும் கையும். வாடிக்கையாளர் கதவைத் திறக்கும்போதுதான் நெஞ்சுப்பக்கம் பார்ப்பார், அங்கே பெயரும் அடையாள அட்டையும் சின்னதாக இருந்தால் போதும். கம்பெனிப் பெயரைப் பையில் பெரிதாகப் போட்டு, விளிம்பில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை தைத்தோம். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பட்டைதான் வேலை செய்கிறது. பையன்களின் சொந்த பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டும் தகராறும் இதனால் தேவைப்படவில்லை.

இனி நிறம். வெள்ளை வண்டி ஷோரூமில் அழகு. ஆனால் கூரியர் வண்டி மண் ரோட்டிலும் மழைச் சேற்றிலும் போகிறது. வெள்ளையில் சக்கரத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்குச் சேறு தெறித்த கோலம் இரண்டே நாளில் வந்துவிடும். அமெரிக்காவின் யூபிஎஸ் நூறு ஆண்டுக்கு மேலாகப் பழுப்பு நிறத்தையே பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அதில் அழுக்கு தெரியாது என்பது. நாமும் பழுப்பாக்க வேண்டியதில்லை. வண்டியின் கீழ்ப்பாகத்தில் ஓரடிக்கு அடர்நிறப் பட்டை கொடுத்து, பெயரை அதற்கு மேலே கொண்டுபோனாலே போதும்.

சேற்றைவிட மோசமானது வெயில். பிரின்டரில் எடுக்கும் சிவப்பு என்பது மெஜன்டாவும் மஞ்சளும் கலந்தது. இந்த இரண்டு மையும்தான் வெயிலில் சீக்கிரம் போகும், நீலம் தாக்குப்பிடிக்கும். நம்மவரின் சிவப்புப் பட்டை ஒரே கோடையில் வெளிறியது. வெயில் நேராக விழும் முன்பக்க மேற்பரப்பில் இன்னும் வேகமாக. இதற்கு வழி உண்டு: லோகோவும் பட்டையும் ஒரே நிறம் என்றால் பிரின்ட் போடாமல், அந்த நிறத்திலேயே வரும் கலர் வினைலை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அந்த நிறம் ஷீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிரின்ட்தான் வேண்டுமென்றால் மேலே யூவி லேமினேஷன் கட்டாயம். லேமினேஷன் போடுமுன் மை ஒருநாளாவது காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு மூடினால் உள்ளே சிக்கிய கரைப்பான் பசையைக் கெடுத்து, ஓரங்கள் சுருண்டு எழும்பும்.

ஓரம் எழும்ப இன்னொரு காரணம் வினைலின் ரகம். கடையில் "வினைல்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் சாதா ரகமும், வார்த்து எடுக்கும் காஸ்ட் ரகமும் வேறு. சாதா ரகத்தைத் தகடாக இழுத்துத் தயாரிக்கிறார்கள். வெயில் பட்டதும் அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். தட்டையான கன்டெய்னர் பக்கத்துக்கு அது ஓரளவு சரி. வரிவரியாகப் பள்ளம் வைத்த பாடியிலோ வளைந்த பம்பரிலோ ஒட்டினால், சில மாதத்தில் பள்ளத்திலிருந்து எழும்பிக் கூடாரம்போல நிற்கும். காஸ்ட் ரகம் விலை கூடுதல்தான், ஆனால் பள்ளத்தில் படிந்து, சூடு காட்டியபின் அங்கேயே கிடக்கும். நாங்கள் இரண்டையும் கலந்தே செய்தோம்: தட்டைப் பக்கத்துக்குச் சாதா, வளைவுக்கு காஸ்ட். ஒட்டுமுன் வண்டியைக் கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதைக் கூடவே நின்று பாருங்கள். மெழுகு பாலிஷ் பூசிய வண்டியில் எந்த ரகமும் நிற்காது.

துணியில் வேறொரு சிக்கல். வண்டியின் சிவப்பும் சட்டையின் சிவப்பும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் இரண்டையும் தனித்தனிக் கடையில், போனில் இருக்கும் படத்தைக் காட்டி ஆர்டர் கொடுக்கிறார்கள். போன் திரைக்குப் போன் நிறம் மாறும். வினைல் ஷீட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டித் திருப்பூர் துணிக்காரரிடம் கொடுத்தோம். சாயம் போட்ட மாதிரித் துண்டு வந்ததும் டியூப்லைட்டில் பார்க்காமல் மதிய வெயிலில் வைத்து ஒப்பிட்டோம், ஏனென்றால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் இன்னொன்றில் பிரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து ஐந்து சட்டை மட்டும் கூடுதலாக வாங்கினால் அது வேறு சாய லாட், நிறம் தள்ளிப்போகும். முதலிலேயே கூடுதலாக எடுத்து வைப்பது நல்லது.

அப்புறம், ஆளுக்கு இரண்டு சட்டை கொடுப்பது சிக்கனம்போலத் தெரியும். ஒன்று உடம்பில், ஒன்று தோய்க்கப் போட்டதில். மழைக்காலத்தில் அது காயாது. மூன்றாம் நாள் பையன் சொந்தச் சட்டையில் வருவான். அவனைத் திட்டிப் பயனில்லை. மூன்று சட்டை கொடுத்த பிறகுதான் தினமும் யூனிஃபார்மில் பார்க்க முடிந்தது. பாலியஸ்டர் கலப்பைக் கூட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் காயும், ஆனால் உடம்பு புழுங்கும். பையன்கள் பட்டனை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கும் பனியனைக் காட்டிக்கொண்டு திரிவார்கள். இரண்டு மாதிரியை இரண்டு பேருக்கு ஒரு வாரம் போடக் கொடுத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்கண்ணாடியிலும் கதவுக் கண்ணாடியிலும் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சரக்கு வண்டிக்கான பிரதிபலிப்புப் பட்டைகள் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள். அவற்றின்மேல் டிசைன் ஏறக்கூடாது. நம்பர் பிளேட்டைச் சுற்றி அலங்காரம் வேண்டாம். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும், எனவே முழு வண்டியையும் வேறு நிறத்தில் மூடுவதாக இருந்தால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, யாரும் கணக்கில் எடுக்காதது ஒன்று. நம்மவர் முன்பே ஒரு வண்டியை ஸ்டிக்கரோடு விற்றிருந்தார். வாங்கியவர் அதில் மண் ஏற்றினார். ஒருநாள் அந்த வண்டி ஒரு ஸ்கூட்டரை உரசிவிட்டுப் போக, கோபமான போன் இவருக்கு வந்தது. வண்டியை விற்குமுன் ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி ஸ்டிக்கரை உரித்து, பசையைத் துடைத்து எடுக்க அரைநாள் போதும். சட்டைக்கும் இதே கதைதான். வேலையை விட்டவரின் கையில் கம்பெனிச் சட்டையும் பையும் இருந்தால், அவர் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், திறப்பார்கள். இப்போது நம்மவர் ஒவ்வொரு பையிலும் சட்டையிலும் நம்பர் போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். கடைசிச் சம்பளம் அந்த நோட்டில் டிக் விழுந்த பிறகுதான்.