கொரியன் வயசு கணக்கு போடுறது எப்படி?

கே-டிராமா பாக்குறவங்களுக்கு இந்த குழப்பம் கண்டிப்பா வந்திருக்கும், ஹீரோயின் 29ங்குறா, பிறந்த வருஷத்த வச்சு பாத்தா 27 இல்லனா 28தான் வருது. அங்க பழைய முறைப்படி குழந்தை பொறந்த அன்னைக்கே ஒரு வயசு, அப்புறம் ஜனவரி 1 வந்தா ஊருல எல்லாருக்கும் ஒண்ணு கூடிடும். பர்த்டேக்கு கேக் வெட்டுவாங்க, ஆனா வயசு அன்னைக்கு ஏறாது. வயித்துல இருந்த மாசத்தையும் சேத்துதான் இந்த ஒண்ணுன்னு ஒரு விளக்கம் சொல்லுவாங்க, கணக்கு போட அதெல்லாம் தேவையே இல்ல.

ஸ்டெப் 1: இந்த வருஷத்துல இருந்து பிறந்த வருஷத்த கழிங்க, ஒண்ணு கூட்டுங்க. அவ்ளோதான், மாசம் தேதி எதுவும் வேணாம்.

பிடிஎஸ் ஜங்குக்க எடுத்துக்கலாம், பிறந்தது 1997 செப்டம்பர் 1. 2023 ஜூன்ல அவரு வயசு 2023 - 1997 + 1, அதாவது 27.

ஸ்டெப் 2: இப்ப நம்ம கணக்குல போடுங்க. அந்த வருஷ பர்த்டே இன்னும் வரல, அதனால 25தான். செப்டம்பர் வந்ததும் 26 ஆயிடும், கொரியன் வயசு அப்பவும் அதே 27. இங்கதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க, நம்ம வயசோட ஒண்ணு கூட்டுனா போதும்னு நெனச்சுக்குறாங்க, பர்த்டேக்கு அப்புறம்தான் அது சரியா வரும், அதுக்கு முன்னாடின்னா ரெண்டு கூட்டணும். டிசம்பர் 31 பொறந்த குழந்தைக்கு மறுநாளே ரெண்டு வயசு, பாவம் பொறந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும்.

ஸ்டெப் 3: தலைகீழா போடலாம். 2018ல நடக்குற கதைல ஒருத்தி 29னு சொன்னா 2018 - 29 + 1, ஸோ 1990ல பொறந்தவ.

ஸ்டெப் 4: எந்த வயசுன்னு செக் பண்ணுங்க. 2023 ஜூன் 28ல இருந்து தென்கொரியால சட்டப்படி, ஆபீஸ் பேப்பர்ல எல்லாம் நம்மள மாதிரி பர்த்டே கணக்குதான், அதான் அன்னைக்கு எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு வயசு கொறஞ்சிடுச்சுன்னு நியூஸ்ல வந்துச்சு. கொரியன் நியூஸ்ல வயசுக்கு முன்னாடி 'மான்'னு போட்டிருந்தா அது இந்த பர்த்டே வயசு. பேச்சுல பழைய கணக்க இன்னும் சொல்றவங்க இருக்காங்க.

இது பத்தாதுன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு, வருஷத்த மட்டும் கழிக்கணும், ஒண்ணு கூட்டக்கூடாது. சரக்கு, சிகரெட் வாங்குறதுக்கும் மிலிட்டரி சர்வீஸுக்கும் இந்த கணக்குதான், 2023 சட்டம் வந்தும் இத மாத்தல. 2007 டிசம்பர் 31 பொறந்த பையன் 2026 ஜனவரி 1 அன்னைக்கே கடைல பீர் வாங்கலாம், 2026 - 2007 போட்டா 19 வருதுல்ல, ஆனா அவனுக்கு 18 முடிஞ்சதே முந்தின நாள்தான். எனக்கென்னவோ இது நல்ல ஏற்பாடாத்தான் தெரியுது, ஏன்னா ஒரே கிளாஸ்ல படிச்ச பசங்க எல்லாரும் ஒரே நாள்ல வாங்க ஆரம்பிச்சிடலாம், கடைக்காரரும் பிறந்த வருஷத்த மட்டும் பாத்தா போதும்.