நஷ்ட வருடத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் முன் என்ன பேசுவது? டர்பன் மேனேஜர்களுக்கு ஒரு செய்முறை

பல வருடங்களுக்கு முன் டர்பனில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், நஷ்டம் வந்த வருடம் மேனேஜர் அரை மணி நேரம் பேசினார். "சவாலான ஆண்டு", "உலகச் சூழல்" என்று நிறைய சொன்னார். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து, "25ஆம் தேதி சம்பளம் வருமா சார்?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. சம்பளம் வராதாம் என்ற பேச்சு மதியத்துக்குள் கேட் வரை போய்விட்டது. உண்மையில் சம்பளம் சரியாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் நல்ல மெஷின் ஆபரேட்டர்கள் சிலர் வேறு இடம் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

இப்படி முதல்முறை பேசப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சிக்கு ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பைன்டவுனில் ஊறுகாய், மசாலா நிறுவனங்களுக்கு பிளாஸ்டிக் டப்பா செய்து கொடுக்கிறது. 110 பேர் வேலை பார்க்கிறார்கள். 2024 பிப்ரவரியோடு அதன் கணக்கு வருடம் முடிந்திருக்கிறது.

படி 1: கணக்கை நூறு ராண்டுக்குச் சுருக்குங்கள்

முந்தின வருடம் விற்பனை 60 மில்லியன் ராண்ட், செலவு 57, லாபம் 3. இந்த வருடம் விற்பனை 54, செலவு 56, நஷ்டம் 2. இதை அப்படியே திரையில் போட்டால் கணக்குப் பிரிவைத் தவிர யாருக்கும் மனதில் நிற்காது. இப்படிச் சொல்லுங்கள்: "போன வருடம் நூறு ராண்டுக்கு டப்பா விற்றால் 95 ராண்ட் செலவாகி 5 மிஞ்சியது. இந்த வருடம் நூறு ராண்டுக்கு விற்க ஏறத்தாழ 104 ராண்ட் செலவழித்திருக்கிறோம்." வீட்டுச் செலவு பார்க்கிற எல்லோருக்கும் இது உடனே புரியும். பேச்சின் முதல் இரண்டு நிமிடத்துக்குள் இது வந்துவிட வேண்டும்.

படி 2: காரணங்களை இரண்டாகப் பிரியுங்கள்

வேலை அதிகம் பிடிக்கிற படி இதுதான், பெரும்பாலானவர்கள் நழுவுகிற இடமும் இதுதான். 3 மில்லியன் லாபம் 2 மில்லியன் நஷ்டமாக மாறியது என்றால், மொத்தம் 5 மில்லியன் எங்கோ போயிருக்கிறது. எங்கே போனது என்று நிதிப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

நம் கம்பெனியில் லோட் ஷெட்டிங்கால் ஜெனரேட்டர் டீசலுக்குக் கூடுதலாக 1.2 மில்லியன் போனது. 2023தான் இந்த நாட்டின் மிக மோசமான மின்வெட்டு வருடம், அதனால் இதில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அந்த வருடக் கடைசியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையில் நின்றபோது மூலப்பொருளை வேறு வழியில் வரவழைக்க 0.6 மில்லியன் ஆனது. இவை இரண்டும் வெளியிலிருந்து வந்தவை, சேர்த்தால் 1.8.

மீதி 3.2 மில்லியன் நம்முடையது. ஆர்டர் வரும் என்று நம்பி வாங்கிய இரண்டாவது மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. அதன் வட்டியும் பராமரிப்பும் 0.8. பெரிய சூப்பர்மார்க்கெட் வாடிக்கையாளர் ஒருவர் விலகியதில் 6 மில்லியன் விற்பனை போனது. அதற்கான பொருள் செலவு மிச்சமானதைக் கழித்தால் 2.4 மில்லியன் இழப்பு.

அந்த வாடிக்கையாளர் ஏன் போனார்? சரக்கு தாமதமாகப் போனதால். "துறைமுகம்தான் காரணம்" என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். ஆனால் தேதியைப் பாருங்கள்: கப்பல் வரிசை பெரிய செய்தியானது நவம்பரில், நம் முதல் தாமதப் புகார் ஜூனில். அனுப்புகிற பிரிவில் லோடு ஏற்றியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நீங்கள் துறைமுகத்தைக் கைகாட்டினால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அதன்பின் நீங்கள் சொல்கிற எந்த எண்ணும் எடுபடாது. அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "ஜூனிலேயே தாமதம் தொடங்கிவிட்டது. உற்பத்தித் திட்டத்தைத் தப்பாகப் போட்டோம். அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டது நான்." கீழே இருப்பவர் பெயர் எதையும் சொல்லாதீர்கள்.

படி 3: வேலை போகுமா என்ற கேள்விக்கு வார்த்தையை எடை போடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் இது சட்டமும் கூட. தொழில் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, ஆள் குறைப்பு என்ற யோசனை நிர்வாகத்துக்கு வரும்போதே யூனியனோடு, யூனியன் இல்லாவிட்டால் பாதிக்கப்படக்கூடிய தொழிலாளர்களோடு, கலந்து பேச வேண்டும். காரணம் என்ன, வேறு என்ன வழிகளைப் பார்த்தோம், எத்தனை பேர், எப்படித் தேர்வு செய்வோம் என்பதெல்லாம் எழுத்தில் தர வேண்டும். கலந்து பேசுவதற்கு முன் மேடையில் "20 பேர் போக வேண்டியிருக்கும்" என்று சொன்னால், முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

எதிர்ப்பக்கத் தவறு "ஒருவருக்கும் வேலை போகாது, நான் உத்தரவாதம்" என்பது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிடும், கவனம்.

ஆள் குறைப்பு யோசனை உண்மையிலேயே இல்லையென்றால்: "இன்றைய தேதியில் ஆள் குறைப்பு பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. செப்டம்பரில் அரை வருடக் கணக்கு வரும். அப்போது நிலைமை மாறியிருந்தால் முதலில் யூனியனிடம்தான் வருவோம்." யோசனை இருக்கிறது என்றால் கூட்டத்துக்கு முன்பே கடிதம் யூனியன் கைக்குப் போயிருக்க வேண்டும். "பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கிறது, முடிவு எதுவும் எடுக்கவில்லை" என்பது மட்டுமே மேடையில் வர வேண்டும். வக்கீலிடம் காட்ட வேண்டிய பகுதி இது ஒன்றுதான்.

சம்பளத்தையும் போனஸையும் யாராவது கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "25ஆம் தேதி சம்பளத்துக்குப் பணம் வங்கியில் இருக்கிறது" என்று சொல்லுங்கள், அதற்கு முன் நிதிப் பொறுப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிசம்பர் போனஸ் கிடைப்பது சந்தேகம் என்றால் மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள். பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜூலுவில் மொழிபெயர்ப்பவருக்குப் பேச்சை முந்தின நாளே கொடுங்கள். "இன்றைய தேதியில்" என்ற இரண்டு சொல் மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டால் நிலைமை விளக்கம் வாக்குறுதியாகிவிடும். அந்த இடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள்.

படி 4: அடுத்து என்ன என்பதற்கும் கணக்கு வேண்டும்

2 மில்லியன் பள்ளத்தை எதை வைத்து மூடப்போகிறோம்? இரண்டாவது மெஷினை ஜூனுக்குள் கடன் தீருகிற விலைக்கு விற்றால் வருடத்துக்கு 0.8. போன வாடிக்கையாளரின் ஆர்டரில் பாதியைத் திரும்பப் பெற்றால் 1.2. இரண்டும் சேர்ந்தால் சரியாக 2. ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு முழு வருடக் கணக்கில் லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. அதை அப்படியே சொல்லுங்கள். மின்வெட்டு குறைந்து டீசல் செலவு மிச்சமானால் நல்லது, ஆனால் அதைத் திட்டத்தில் சேர்க்கக்கூடாது. அது நம் கையில் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிர்வாகத்தின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டிருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டு மற்றவர்கள் செலவுக்கு வாருங்கள்.

படி 5: கூட்டத்து நாள்

ஷாப் ஸ்டூவர்டுகளிடமும் சூப்பர்வைசர்களிடமும் ஒரு மணி நேரம் முன்னால் சொல்லிவிடுங்கள். எல்லா ஷிஃப்டுக்கும் ஒரே நாளில், அதே ஆள் பேச வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு நோட்டீஸ் ஒட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பேச்சு 15 நிமிடம், கேள்விக்கு 30 நிமிடம். எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள்.

தெரியாத கேள்விக்கு, "இது எனக்குத் தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் ஒட்டுகிறேன்" என்று சொல்லி எல்லோர் கண்முன்னே பலகையில் எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தப் பலகையைக் கழற்றி, கார்டு தட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு கேள்விக்கும் நேராகப் பதிலை எழுதுங்கள். பதில் இன்னும் கிடைக்காத கேள்விக்கு எதிரே புதுத் தேதி ஒன்றைப் போடுங்கள்.