இலவச வக்கீலைப் பார்க்கப் போகும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

என் சித்தப்பா மகன் ஓர் அரசுத் துறையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். 2022-ல் பைக் விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எட்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வேலைக்குப் போனவனிடம், "டிரைவர் வேலைக்கு இனி ஆகமாட்டே, வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார்கள்.

முதல் வேலை: அப்படி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே விரும்பி எழுதிக் கொடுத்ததாக ஆகிவிட்டால் அதை உடைப்பது பெரும்பாடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) இதற்காகவே இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு எடுக்கக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு இடம் தர வேண்டும், இடமே இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் கம்பெனிக்கு இந்த உட்பிரிவு பொருந்தாது, அது வேறு கதை.

அடுத்தது, இலவச வக்கீலுக்கு எங்கே போவது? மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்காரர்கள் தங்கள் ஊர் கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம். போகவே முடியாதவர்கள் 15100-க்குப் போன் போடலாம். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் என் ஓட்டு நேரில் போவதற்கே, ஏனென்றால் என்ன குறை என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். எங்களுடையது அரசுப் பணி விவகாரம், அரசுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கும் ரிட் மனு போட வேண்டும் என்பதால் மேலூர் ரோட்டில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையின் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பினார்கள். வக்கீல் பீஸ், கோர்ட் கட்டணம் எதுவும் நாம் தர வேண்டியதில்லை. வக்கீல் தனியாகக் கேட்டால் அந்தக் குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள்.

சரி, நான் தடுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன். ஆறு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன், விபத்து நடந்த அன்று மழை பெய்ததிலிருந்து அவன் பொண்டாட்டி நகையை அடகு வைத்தது வரை. வக்கீலம்மா முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: "வேலை தர முடியாதுன்னு எழுத்துல கொடுத்தாங்களா?" இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சை எதிர்த்து ரிட் போட முடியாது என்றார்.

அதனால் முதலில் ஒரு மனு எழுதினோம், இவ்வளவுதான்:

"விபத்தில் எனக்கு 60 சதவீத ஊனம் ஏற்பட்டுள்ளது, மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். பிரிவு 20(4)-ன்படி அதே ஊதிய விகிதத்தில் அலுவலகப் பணி வழங்கக் கோருகிறேன்."

இரண்டு பிரதி. ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கினோம். முத்திரை போட மாட்டேன் என்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்துப் பதில் வந்தால் எதிர்க்க ஓர் உத்தரவு கிடைத்தது. பதிலே வராவிட்டாலும் பரவாயில்லை, மனுவின்மேல் முடிவெடுக்க உத்தரவிடச் சொல்லி ரிட் போடலாம்.

அப்புறம்தான் அந்த ஒரு பக்கம். தேதி, நடந்தது, ஆதாரம், அவ்வளவே:

14.03.2022 – விபத்து – டிஸ்சார்ஜ் சம்மரி, பக்கம் 1
21.11.2022 – பணிக்குத் திரும்பினேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட விடவில்லை – ஆதாரம் இல்லை, உடன் இருந்தவர் ஒருவர்
05.12.2022 – மனு கொடுத்தேன் – முத்திரையிட்ட பிரதி, பக்கம் 4

ஆதாரம் இல்லாத இடத்தில் இல்லை என்றே எழுதுங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். கடைசி வரியில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். "நீதி வேண்டும்" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "அதே சம்பளத்தில் வேறு பணி, 21.11.2022 முதல் நிலுவைச் சம்பளம்" என்று வக்கீலம்மா எழுதினார்.

மொபைல் ஸ்கேன் ஆப் எனக்கு ஒத்துவரவில்லை, ஓரம் வெட்டுப்பட்டு முத்திரைத் தேதியே காணாமல் போனது. ஜெராக்ஸ் கடையில் மூன்று செட் போட்டு, பேனாவால் பக்க எண் எழுதுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பின்சேர்க்கை: வருமானச் சான்று இல்லாததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12-ல் மாற்றுத்திறனாளிகள் தனி வகை, அவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஊனச் சான்று அல்லது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையின் நகலை வைத்து, விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். அவர் அப்படிச் செய்தார், மறுபடி கேட்கவில்லையாம்.