கூட்ட நாள் கேட்ட ஈமெயிலுக்கு எல்லோரும் எல்லோருக்கும் பதில் போட்டால்: சிக்கெடுக்கும் விதம்

பழைய மாணவர் சங்கச் செயற்குழுவில் 11 பேர் என்று வையுங்கள். யாழ்ப்பாணத்தில் 6, கொழும்பில் 2, லண்டனில் 2, ரொறன்ரோவில் 1. ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு நான்கு நேரங்களைக் கேட்டுச் செயலாளர் ஈமெயில் அனுப்புகிறார். எல்லோரும் Reply all அழுத்த, அடுத்த நாள் 26 பதில்கள். ஒருவர் "ஞாயிறு ஏலும்" என்கிறார், இன்னொருவர் "எனக்கும் அப்பிடித்தான்" என்கிறார். யாரைப் போல என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

முதல் வேலை: ஓட்டத்தை நிறுத்துவது

"தயவுசெய்து Reply all வேண்டாம்" என்று Reply all போடாதீர்கள். அதற்கும் நாலு பேர் "சரி" என்று எல்லோருக்கும் எழுதுவார்கள். பழைய ஈமெயிலைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். To-வில் உங்கள் முகவரி மட்டும், மற்றப் பத்துப் பேரும் Bcc-இல். Bcc-இல் இருப்பவர் Reply all அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டுமே வரும். மற்றவர்களின் முகவரி அவரிடம் இல்லை.

தலைப்பையும் மாற்றுங்கள். அப்போதுதான் ஜிமெயிலில் அது பழைய உரையாடலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். உள்ளே இவ்வளவு போதும்:

> செயற்குழு உறுப்பினர் எல்லோரையும் Bcc-இல் சேர்த்திருக்கிறேன். இதுவரை எழுதியவர்கள் மறுபடி எழுதத் தேவையில்லை, பட்டியல் போடுகிறேன். மாற்றம் இருந்தால் எனக்கு மட்டும் புதன் இரவு 8 மணிக்குள் (யாழ்ப்பாண நேரம்) அறியத் தாருங்கள்.

முதல் வசனத்தை விட்டுவிட்டால், தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டீர்களோ என்று ஆட்களுக்குச் சந்தேகம் வரும். பழைய உரையாடலுக்கு இன்னும் சில பதில்கள் வரத்தான் செய்யும். மற்றவர்கள் ஜிமெயிலில் Mute அழுத்தித் தப்பலாம். நீங்கள் மட்டும் புதன் வரைக்கும் Mute செய்யக்கூடாது.

பதில்களை அட்டவணைக்குள் எடுப்பது

கூகுள் ஷீற்றில் ஆளுக்கொரு வரி, நேரத்துக்கொரு நிரல். ஒருவர் மூன்று முறை எழுதியிருந்தால் கடைசியாக எழுதியதுதான் கணக்கு. "ஆம்", "இல்லை", "கஷ்டம்" என்ற மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம். பதிலே போடாதவருக்குக் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். பேசாமல் இருப்பவரை "இல்லை" என்று எழுதிவிடுவதுதான் பலரும் விடும் பிழை.

இரண்டு இடத்தில் கண் தப்பும். சிலர் உங்கள் கேள்விகளுக்குக் கீழேயே பதிலை எழுதுவார்கள்; ஜிமெயில் அதைப் பழைய பகுதி என்று எண்ணி மூன்று புள்ளிக்குள் மறைத்துவிடலாம். ஆகவே வெறும் "வணக்கம்" மட்டும் தெரியும் ஈமெயிலில் அந்தப் புள்ளிகளை அழுத்திப் பாருங்கள். மற்றது, "பின்னேரம் சரி". நம்மூரில் பின்னேரம் 3 மணியும்தான், 6.30-உம்தான். மணி எழுதாத பதிலை ஊகிக்காமல் அவரிடம் தனியே கேளுங்கள். "நல்லூர்த் திருவிழா முடியட்டும், பாப்பம்" என்பதும் அப்படித்தான், அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.

எண்ணுவதற்கு நிரலின் அடியில்:

```
=COUNTIF(B2:B12,"ஆம்")
=COUNTBLANK(B2:B12)
```

முடிவெடுப்பது

நமது உதாரணத்தில் ஞாயிறு காலை 10 மணிக்கு 8 "ஆம்", 3 "இல்லை". ஞாயிறு பின்னேரம் 6.30-க்கு 7 "ஆம்", 2 "கஷ்டம்", 1 "இல்லை", 1 வெறுமை. சனி இரண்டும் இவற்றுக்குக் கீழே. எண்ணிக்கையில் காலை முந்துகிறது. ஆனால் அந்த மூன்று "இல்லை"யும் யாருடையது என்று பாருங்கள்: வெளிநாட்டில் இருக்கும் மூவரும். ஆகஸ்டில் இங்கே காலை 10 என்றால் லண்டனில் காலை 5.30, ரொறன்ரோவில் நள்ளிரவு 12.30. பொருளாளர் லண்டனில் இருக்க, கணக்கறிக்கையை யார் வாசிப்பது?

பின்னேரம் 6.30 என்றால் லண்டனில் பிற்பகல் 2, ரொறன்ரோவில் காலை 9. "இல்லை" சொன்ன ஒருவர் ரியூசன் வகுப்பு 7 மணிக்கு முடியும் ஆசிரியர். நேரத்தை 7.15-க்குத் தள்ளினால் மற்ற 10 பேரிடமும் திரும்பக் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் சம்மதித்தது 6.30-க்கு. அதைவிட, அவர் பேச வேண்டிய விடயத்தை நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு வைத்து, "7.10-க்கு இணைந்தால் காணுமா?" என்று அவரிடம் மட்டும் கேட்பது சுலபம். வெறுமையாக இருப்பவருக்கு ஈமெயில் வேண்டாம், ஒரு கோல் எடுங்கள்.

அறிவிப்பு

முடிவையும் Bcc-இலேயே அனுப்புங்கள். தலைப்பிலேயே நாளும் மணியும் இருக்கட்டும். மூன்று ஊர் நேரத்தையும் எழுதி, கூகுள் கலண்டர் அழைப்பும் அனுப்பினால் அவரவர் நேரத்தில் தானாக விழும். அழைப்பில் Guest permissions-இல் "See guest list" என்பதை எடுத்துவிடுங்கள். நவம்பர் கூட்டத்துக்கு இதே மணிகளைப் பிரதி எடுக்காதீர்கள்: அங்கே கடிகாரத்தைப் பின்னே திருப்பியிருப்பார்கள், இங்கே 6.30 என்றால் லண்டனில் 1 மணி, ரொறன்ரோவில் காலை 8.