எதனோலையும் நீரையும் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் உயர்தர இரசாயனவியல் பயிலும் மாணவர் ஒருவர் 50 மில்லிலீற்றர் நீருடன் 50 மில்லிலீற்றர் தூய எதனோலைச் சேர்த்து அளவுச்சாடியைப் பார்த்தால், அதில் 100 இராது. 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 96.5 மில்லிலீற்றரே இருக்கும். மீதி ஆவியாகிவிட்டது என்று ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. கலப்பதற்கு முன் எதனோல் 39.5 கிராம், நீர் 49.9 கிராம், மூடிய குடுவையில் கலந்த பின்னும் தராசு அதே 89.4 கிராமைத்தான் காட்டும். எனவே திணிவில் இழப்பில்லை, கனவளவே சுருங்கியிருக்கிறது.

கூழாங்கற்களின் இடைவெளிக்குள் மணல் இறங்குவதைப் போன்றது இது என்று வகுப்பில் சொல்வதுண்டு. அதுவே முழு விளக்கம் என்று எடுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் மூலக்கூறுகளின் பருமன் வேறுபாடு மட்டுமே காரணமானால் எதனோலை எட்சேனுடன் கலக்கும்போதும் கனவளவு குறைய வேண்டும்; உண்மையில் அது சற்றே கூடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் கோக்கப்பட்டு, இடைவெளி மிகுந்த வலையமைப்பாக இருக்கின்றன. எதனோலின் ஐதரொட்சில் தொகுதி அந்த நீர் மூலக்கூறுகளுடன் வலுவாகப் பிணைய, அதன் காபன் பகுதி வலையின் வெற்றிடங்களுக்குள் பொருந்திக்கொள்வதால், இரண்டும் தனித்தனியே இருந்ததைவிட நெருக்கமாக அடுக்கப்படுகின்றன.

பெரும் சேதம் விளைவது ஐதாக்கலில்தான். கனவளவுப்படி 96 சதவீத எதனோலிலிருந்து 70 சதவீதக் கரைசல் ஒரு லீற்றர் தேவை என்று வைத்துக்கொள்வோம். 70-ஐ 96-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 729 மில்லிலீற்றர் எதனோல் வேண்டும்; இக்கணக்கு சரியானது. அடுத்து, 1000-இலிருந்து 729-ஐக் கழித்து 271 மில்லிலீற்றர் நீரை அளந்து ஊற்றுவதுதான் தவறு. அப்படிச் செய்தால் கிடைப்பது ஏறத்தாழ 975 மில்லிலீற்றர், அதன் செறிவோ 72 சதவீதத்தை நெருங்கும். உண்மையில் தேவைப்படும் நீர் ஏறத்தாழ 297 மில்லிலீற்றர். ஆனால் அந்த எண்ணை மனனம் செய்ய வேண்டியதில்லை. எதனோலைக் கனமானக் குடுவையில் இட்டு, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கி, இறுதியில் குறிவரை நிரப்பினால் போதும்.

குறிவரை நிரப்புவதற்கு முன் பொறுத்திருக்கவும் வேண்டும். கலக்கும்போது வெப்பம் வெளிவருவதைக் குடுவையைத் தொட்டே உணரலாம், கரைந்திருந்த வளி நுண்குமிழ்களாக மேலெழுவதையும் காணலாம். சூடாக உள்ளபோது குறியைத் தொட்ட கரைசல் குளிர்ந்ததும் குறிக்குக் கீழே இறங்கிவிடும். அதைக் கவனியாமல் பெயர்ச்சீட்டு ஒட்டினால் செறிவு கூடியதாகவே இருக்கும். எதனோல் 10 பாகை வெப்பநிலை உயர்வுக்கு ஏறத்தாழ 1.1 சதவீதம் விரிவதால், குளிரூட்டிய களஞ்சிய அறையிலிருந்து எடுத்தவுடனே அளந்துவிட்டு, கொழும்பின் 30 பாகை வெக்கையில் குறிவரை நிரப்புவதும் பிழையைத் தரும். ஆகவே எதனோலை அளக்கும்போதும் குறிவரை நிரப்பும்போதும் வெப்பநிலை ஒன்றாகவே, இயன்றால் குடுவையில் பொறிக்கப்பட்டுள்ள 20 பாகையாகவே, இருக்க வேண்டும்.