அப்ரைசல் மேல்முறையீட்டுக் கடிதம் சறுக்கும் இடங்கள்

ரேட்டிங் குறைவாக வந்த அன்று இரவே எழுதப்படும் கடிதம் பெரும்பாலும் "ஆண்டு முழுக்க மாடாய் உழைத்தேன், எனக்கு 2 தானா?" என்று ஆரம்பித்து, "நியாயம் கிடைக்கும் என நம்புகிறேன்" என்று முடியும். படிக்கும் மேலதிகாரிக்கு மனம் இளகலாம், ஆனால் முடிவெடுக்க அதில் ஒன்றும் இருக்காது. அவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் இல்லை. உங்கள் மேனேஜர் எழுதியதையும் நீங்கள் எழுதுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

அதனால் எண்ணோடு சண்டை போடாதீர்கள். 2 என்ற எண் ஏதோ ஒரு குறிப்பின்மேல் நிற்கிறது; அந்தக் குறிப்புக்குப் பதில் சொல்லுங்கள். ஓர் உதாரணம். 5-க்கு 2 வாங்கிய ஒருவரின் படிவத்தில் "அறிக்கைகள் குறித்த நேரத்தில் வருவதில்லை" என்று இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இலக்குப் படிவமோ, 12 மாத அறிக்கைகளில் 10 கெடுவுக்குள் போனால் 3 என்கிறது. அவர் எழுத வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"மதிப்பீட்டில் 'அறிக்கைகள் குறித்த நேரத்தில் வருவதில்லை' என்று உள்ளது. 12 அறிக்கைகளில் 10 கெடுவுக்குள் அனுப்பப்பட்டன (இணைப்பு 1). பிப்ரவரி அறிக்கைக்கான தரவு, கெடு முடிந்து இரண்டு நாள் கழித்தே எனக்குக் கிடைத்தது (இணைப்பு 2). மார்ச் அறிக்கை தாமதமானது என் தவறு. இலக்குப் படிவத்தின் அளவுகோலின்படி இந்த ரேட்டிங்கை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மேனேஜரின் குறிப்பை வார்த்தை மாறாமல் எடுத்துப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். "நான் சோம்பேறி என்கிறார்" என்று நம் பாணியில் திரித்து எழுதினால், "நான் அப்படி எழுதவே இல்லையே" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். மார்ச் மாதத் தவறை மறைக்காததும் காரணத்தோடுதான். அதை மேனேஜர் எப்படியும் சொல்லப் போகிறார். அவர் வாயால் வந்தால் மற்ற பத்தின் மேலும் சந்தேகம் விழும். தாமதமான இரண்டும் நிதியாண்டுக் கடைசியில் வந்தவை என்பதால் மேனேஜர் நினைவில் அவை மட்டும் நின்றிருக்கலாம். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, தேதிகளே சொல்லிவிடும்.

அடுத்த தவறு, உள்நோக்கம் கற்பிப்பது. 'பாரபட்சம்', 'பழிவாங்கல்' என்ற சொல் விழுந்ததுமே விஷயம் ரேட்டிங்கிலிருந்து மேனேஜரின் குணத்துக்குத் தாவிவிடும். அவர் மனதில் இருந்ததை நீங்கள் நிரூபிக்க முடியாது. அறிக்கை போன தேதியை நிரூபிக்க முடியும். உண்மையிலேயே பாகுபாடோ துன்புறுத்தலோ நடந்திருந்தால் அது தனிப் புகார். அதற்கான வழியில், அதற்கான ஆதாரத்தோடு போக வேண்டும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: ரேட்டிங்கைக் குறைத்தது யார்? பல நிறுவனங்களில் மேனேஜர்கள் கொடுத்த எண்களை மேல்மட்டத்தில் ஒன்றாக வைத்துச் சமன் செய்வார்கள். இத்தனை பேருக்குத்தான் உயர் ரேட்டிங் என்று உச்சவரம்பும் இருக்கலாம். குறிப்புகள் எல்லாம் பாராட்டாக இருந்து எண் மட்டும் சரிந்திருந்தால், அந்தக் கட்டத்தில் இறங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். அப்போது மேனேஜரைச் சாடிக் கடிதம் எழுதினால், உங்களுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளையும் இழப்பீர்கள். முதலில் அவரிடமே "நீங்கள் பரிந்துரைத்த ரேட்டிங் இதுதானா?" என்று கேளுங்கள். சமன் செய்ததில் இறங்கியது என்றால், எந்த அடிப்படையில் என்று கடிதத்தில் கேட்கலாம். உச்சவரம்புதான் காரணமென்றால், எவ்வளவு நல்ல கடிதத்துக்கும் எண் மாறாமல் போக வாய்ப்புண்டு. அப்படியானால் உங்கள் பதிலைக் கோப்பில் சேர்க்கும்படியாவது கேளுங்கள்.

சக ஊழியரோடு ஒப்பிட்டு "அவருக்கு மட்டும் 4 எப்படி?" என்று கேட்காதீர்கள். அவருடைய இலக்குப் படிவம் உங்களுக்குத் தெரியாது. ரேட்டிங் ரகசியமாக இருக்கும் இடத்தில், அது எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வேறு வரும்.

அப்புறம் இணைப்புகள். முப்பது மெயில்களைக் கொட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்றிரண்டு போதும், எண் போட்டு, கடிதத்தில் அந்த இடத்திலேயே சுட்டுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலக மெயில்களை சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். பல இடங்களில் அது தகவல் பாதுகாப்பு விதிமீறல். நியாயமான மேல்முறையீடு ஒழுங்கு நடவடிக்கையில் போய் நிற்கும்.

முறையீட்டுக்குக் கெடு உண்டா என்று ஹெச்.ஆர். விதிகளில் பார்த்துவிடுங்கள், கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தே அதைத் தவறவிடுபவர்கள் உண்டு. அதற்குள் படிவத்தில் கையெழுத்து கேட்டால், கருத்துப் பகுதியில் "பெற்றுக்கொண்டேன், ரேட்டிங்கை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.