பீக் ஃப்ளோ குறிப்பை வண்ண மண்டல வரைபடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்துமா உள்ளவர்கள், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் வீட்டில் காலையும் மாலையும் ஊதி எழுதிவைக்கும் எண்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு போனால், சில வாரங்களின் நிலவரம் மருத்துவருக்கு ஒரே பார்வையில் பிடிபடும். அதற்கு வரைபடம் நேர்மையாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகமாக அதைக் கெடுப்பது சராசரி.

ஒருவருடைய சொந்த உச்ச அளவு, அதாவது நல்ல நிலையில் அவர் ஊதக்கூடிய உயர்ந்த எண், நிமிடத்துக்கு 400 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம் 320. அதுவும் அதற்கு மேலும் பச்சை. 50 சதவீதமான 200 முதல் 320-க்குக் கீழ்வரை மஞ்சள். 200-க்கும் கீழே போனால் சிவப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் அவர் ஊதியது 330, 310, 300, 290, 280. மாலையில் 380, 380, 380, 370, 370. ஒவ்வொரு நாளின் இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 355, 345, 340, 330, 325 என்று வரும். ஐந்தும் பச்சையில் விழுவதால், மருந்தை மாற்றத் தேவையில்லை என்றே தோன்றும்.

காலையையும் மாலையையும் தனித்தனிக் கோடாக வரைந்தால் கதை மாறிவிடுகிறது. மாலைக் கோடு பச்சையிலேயே நிற்க, காலைக் கோடு செவ்வாய்க்கிழமையே மஞ்சளுக்குள் இறங்கி, நாளுக்கு நாள் சரிகிறது. அன்றைய உயர்ந்த எண்ணிலிருந்து தாழ்ந்ததைக் கழித்து, அன்றைய சராசரியால் வகுத்துப் பாருங்கள்: திங்களன்று 14 சதவீதமாக இருந்த ஏற்ற இறக்கம் வெள்ளியன்று 28 சதவீதம். இரவிலும் விடியற்காலையிலும் மூச்சுக்குழாய் சுருங்குவது ஆஸ்துமாவின் இயல்பு. அந்தச் சுருக்கம் கூடிக்கொண்டே போனால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். தடுப்பு இன்ஹேலரைத் தவறாமல் எடுக்கிறாரா, சரியாக உறிஞ்சுகிறாரா, அளவைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவர் கேட்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். சராசரி போட்ட தாளில் அந்தக் கேள்விகளுக்கு வாய்ப்பே இல்லை.

ஒவ்வொரு வேளையும் அடுத்தடுத்து ஊதும் மூன்று ஊதல்களுக்கும் சராசரி எடுக்கக் கூடாது. மூன்றில் பெரியதையே எழுத வேண்டும்.

அடுத்த தவறு கோடுகளை எங்கே போடுவது என்பதில் நேர்கிறது. மீட்டரோடு வரும் அட்டவணையில் வயது, உயரம், பாலினம் பார்த்து ஓர் எண் இருக்கும். அதை வைத்தே மண்டலம் பிரித்துவிடுகிறார்கள். நல்ல நாளில் 560 ஊதக்கூடிய ஒருவருக்கு அட்டவணை 480 என்று சொன்னால், அவர் 400-க்கு இறங்கிய நாளும் பச்சையாகத் தெரியும். அவருடைய சொந்த உச்சத்தோடு ஒப்பிட்டால் அது 71 சதவீதம்தான், தெளிவான மஞ்சள். சொந்த உச்ச அளவை, ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் ஊதிய எண்களிலிருந்து எடுக்க வேண்டும். மற்றவையெல்லாம் 400-ஐ ஒட்டி நிற்க, ஒரு நாள் மட்டும் 470 வந்திருந்தால் அதை நம்ப வேண்டாம். கன்னத்தை உப்பித் துப்புவதுபோல் ஊதினால் முள் பொய்யாக ஏறும். குழந்தைகள் வளர வளர உச்சமும் உயரும் என்பதால், மருத்துவரிடம் கேட்டு அவ்வப்போது கோடுகளைத் திருத்திக்கொள்ளுங்கள். மீட்டரை மாற்றினால் அந்தத் தேதியைத் தாளில் குறியுங்கள். இரண்டு மீட்டர்கள் ஒரே எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

நிவாரண இன்ஹேலரைப் பற்றி எழுதாமல் விடுவது எனக்கு மிகவும் கவலை தருகிறது. மூச்சு இறுகி எழுந்தவர் முதலில் இன்ஹேலரை அடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஊதினால் 370 வரலாம். அடிப்பதற்கு முன் அது 280 ஆக இருந்திருக்கும். ஆகவே மருந்துக்கு முன் ஊதியதைப் புள்ளியாகவும், பின் ஊதியதை வட்டமாகவும் குறித்து, கோட்டைப் புள்ளிகள் வழியாக மட்டும் இழுங்கள். மூச்சுத் திணறும்போது அளவெடுக்கக் காத்திருக்கக் கூடாது, மருந்துதான் முதலில். ஊதியது சிவப்பில் விழுந்தால் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வரைபடத்தைப் பிறகு நிரப்பலாம்.

ஊத மறந்த நாளை வெற்றாகவே விடுங்கள். முந்தைய நாளின் எண்ணைப் போட்டு நிரப்புவதும், இடைவெளியைத் தாண்டிக் கோட்டை இணைப்பதும் நடக்காத ஒன்றை மருத்துவருக்குக் காட்டுகின்றன. அந்த இடத்தில் “இருமல், இரவில் விழிப்பு” என்று இரண்டு சொல் எழுதியிருந்தாலே அவருக்கு உதவும்.

கணினியில் வரைபவர்கள் பக்கவாட்டு அளவுகோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் தானாக 270-லிருந்து தொடங்கினால் சிறு இறக்கமும் பெரும் பள்ளமாகத் தெரியும். எல்லா மாதத்துக்கும் சுழியத்திலிருந்து தொடங்கும் ஒரே அளவுகோலை வைத்தால், போன மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் பக்கம் வைத்து மருத்துவர் ஒப்பிட முடியும்.